வேலை நேர மாற்ற நோட்டீஸ்: எழுதி ஒட்டுவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

நேரம் மாறுதுன்னு மூணு வரி எழுதி போர்டுல ஒட்டினா போதாதா?

போதாது. நானே அப்படி ஒட்டிப் பார்த்திருக்கிறேன். இப்போது கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். அதற்கு முன் வேறொரு ஃபேக்டரியில் இருந்தபோது, 2023 கோடையில் நான் எழுதிய நோட்டீஸ் இதுதான்: "நிர்வாகக் காரணங்களுக்காக வரும் திங்கள் முதல் பேக்கிங் பிரிவின் வேலை நேரம் காலை 8 மணி முதல் என மாற்றப்படுகிறது. அனைவரும் ஒத்துழைக்கவும்."

8 மணி முதல் என்று எழுதினேனே தவிர, எத்தனை மணி வரை என்று எழுதவில்லை. எனக்கு அது தெரிந்த விஷயம். ஒரு மணி நேரம் முன்னால் வந்தால் ஒரு மணி நேரம் முன்னால் போகப் போகிறார்கள், இதில் எழுத என்ன இருக்கிறது என்று நினைத்தேன். படித்தவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. அந்த ஏப்ரலில்தான் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு வந்த பிறகு திரும்பப் பெறப்பட்டிருந்தது. அந்தப் பேச்சு எல்லார் காதிலும் இருந்த நேரம். "காலையில ஒரு மணி நேரம் கூட்டிட்டாங்க, சாயங்காலம் அதே நேரம்தான்" என்று மதியத்துக்குள் பரவிவிட்டது.

ஆபீசுக்குள் வந்து கேட்டவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் கேட் வாட்ச்மேனிடம் கேட்டார்கள். அவரிடம் யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. கேட்பவர்களுக்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டுமே என்று தனக்குத் தோன்றியதைச் சொல்லி அனுப்பினார். திங்கட்கிழமை பாதிப் பேர் 8 மணிக்கும் பாதிப் பேர் 9 மணிக்கும் வந்தார்கள். எங்கும் சேராமல் நின்ற அந்த ஒரு மணி நேரத்தை இன்றும் மறக்கவில்லை. சலித்த தூள் குவிந்து கிடக்கிறது, பை பிடிக்க ஆள் இல்லை. தவறு வராதவர்கள் மேல் இல்லை, என் மேல்தான்.

என்ன கேப்பாங்கன்னு முன்கூட்டியே எப்படித் தெரியும்?

நாம் ஃபேக்டரிக் கடிகாரத்தைப் பார்த்து எழுதுகிறோம். படிப்பவர்கள் தங்கள் வீட்டு அடுப்பு, பேருந்து, பள்ளிக்கூடம், சம்பளக் கவர் இவற்றை நினைத்துக்கொண்டு படிக்கிறார்கள். ஆகவே புதிய நேரத்தை வைத்து ஒருவரின் முழு நாளையும் வீட்டுக் கதவிலிருந்து வீட்டுக் கதவு வரை எழுதிப் பாருங்கள். கேள்விகள் தானாக வரும்.

யாருடைய நாளை எழுதுவது? எல்லோரையும் கேட்க நேரம் இருக்காது. மூன்று பேர் போதும்: இருப்பதிலேயே தூரத்திலிருந்து வருபவர், இருப்பதிலேயே சின்னப் பிள்ளை வைத்திருப்பவர், மாதச் சம்பளம் இல்லாமல் தினக்கூலியில் இருப்பவர். இந்த மூவருக்கும் பதில் இருக்கும் நோட்டீசில் மற்றவர்கள் கேள்வியும் அநேகமாக அடங்கிவிடும்.

போன வருடம் இங்கே நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தேயிலைத் தூள் சலிப்பு, பேக்கிங் பிரிவுகளுக்கு நேரம் காலை 9 முதல் மாலை 5.30. நவம்பர் வந்தால் ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும், அதற்கும் முன்பே மூட்டம் ஏறிவிடும். பேருந்தை விட்டு இறங்கித் தேயிலைக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில்தான் பல பேருக்கு வீடு. அந்தி நேரத்தில் கரடியும் காட்டெருமையும் அதே பாதையில்தான் வரும். அதனால் குளிர்காலம் முடியும் வரை காலை 8 முதல் மாலை 4.30 என்று மாற்றிவிடலாம் என்று மேனேஜர் சொன்னார். கேட்டவுடன் எனக்கும் சரி என்றே பட்டது.

தூரத்து ஹட்டிக் கிராமத்திலிருந்து வரும் அக்காவிடம் டீ நேரத்தில் உட்கார்ந்து அவர் நாளை எழுதினேன். 8 மணிக்கு உள்ளே இருக்க வேண்டுமானால் அவருக்கு 6.50 பேருந்து. பேருந்து நிற்கும் இடத்துக்கு வீட்டிலிருந்து 25 நிமிட நடை. அப்படியானால் 6.20க்குக் கிளம்பி 6.25க்குள் பாதையில் இருக்க வேண்டும். டிசம்பரில் இங்கே சூரியன் எழவே கிட்டத்தட்ட 6.30 ஆகிறது. ஜனவரி கடைசியில் 6.45 ஆகிவிடும். மாலை இருட்டிலிருந்து காப்பாற்றப் போய் அவரைக் காலை இருட்டில் இறக்கிவிடப் பார்த்தோம். அவர் சொன்னது ஒரே வார்த்தை: "கரடிக்கு காலை என்ன, சாயங்காலம் என்ன தம்பி?"

அப்புறம் 8.30 முதல் 5 வரை என்று போட்டுப் பார்த்தேன். 7.25 பேருந்து, வீட்டிலிருந்து 6.55க்குக் கிளம்பினால் போதும், வெளிச்சம் வந்திருக்கும். மாலையில் 5.15 பேருந்து, 5.40க்கு இறங்கினால் 6.05க்கு வீடு. நவம்பர் கடைசியில் 5.55 சுமாருக்குச் சூரியன் மறைந்தாலும் இன்னும் கொஞ்ச நேரம் கண் தெரியும். பழைய நேரப்படி அவர் வீடு சேர 6.40 ஆகும், அது நல்ல இருட்டு. மூட்டம் அடைத்த நாளில் இந்தக் கணக்கு நிற்காது என்பதும் அப்போதே தெரிந்தது. அதற்கு நோட்டீசில் தனியாக ஒரு வரி வேண்டியிருந்தது.

ஒரு தாளில் நான்கு நேரங்களை எழுதிப் பார்த்ததில், நோட்டீஸ் வாசகம் மட்டுமல்ல, முடிவே மாறியது.

காரணம் சொல்லியே ஆகணுமா?

ஆமாம், உண்மையான காரணத்தை. "நிர்வாகக் காரணங்களுக்காக" என்று எழுதினால், என்ன நிர்வாகக் காரணம் என்பதை ஆளுக்கொன்றாக அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். ஆள் குறைப்பு, இலை வரத்து இல்லை, ஃபேக்டரி கைமாறுகிறது, இப்படித்தான் பேச்சு போகும். பாதையும் இருட்டும்தான் காரணம் என்றால் அதையே எழுதுங்கள். மின்சாரச் செலவு காரணமாக இருந்தாலும் அதை எழுதலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். பணம் மிச்சமாவதற்காகச் செய்துவிட்டு "உங்கள் நலனுக்காக" என்று எழுதுவதுதான் ஆகாது. அடுத்த நோட்டீசை யாரும் நம்ப மாட்டார்கள்.

எத்தனை நாளைக்கு முன்னாடி ஒட்டணும்?

வேலை நேரமும் இடைவேளையும் மாறுவதாக இருந்தால் தொழிலாளர்களுக்கு 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவில் அது இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2020ஆம் ஆண்டு தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தில் 40ஆம் பிரிவிலும் அதே 21 நாள்தான். சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டு அதன்படி மாற்றுவதாக இருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. எங்கள் நோட்டீஸ் போனது பழைய சட்டம் நடப்பில் இருந்தபோது. அப்போது தொழிற்சாலைகள் சட்டப்படி ஆய்வாளருக்கும் மாற்றத்தை முன்கூட்டியே இரண்டு நகல்களில் தெரிவிக்க வேண்டியிருந்தது. இப்போது எந்தப் படிவத்தில் கொடுப்பது என்பதை உங்கள் பகுதி ஆய்வாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.

சட்டத்தை விடுங்கள், வீட்டுக்கும் அந்த மூன்று வாரம் வேண்டும். பள்ளி வேன்காரரிடம் பேச வேண்டும், மாமியாரிடம் பேச வேண்டும், மாடு வைத்திருப்பவர் பால் கறக்கும் நேரத்தை மாற்ற வேண்டும். நாங்கள் 2025 அக்டோபர் 10 வெள்ளிக்கிழமை ஒட்டினோம். நவம்பர் 3 திங்கள் முதல் அமல். தீபாவளி இடையில் வந்ததால், ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்தும் கிட்டத்தட்ட இரண்டு வாரம் கிடைத்தது.

தேதி எழுதும்போது கிழமையையும் சேர்த்தே எழுதுங்கள். "வரும் திங்கள்" என்று எழுதாதீர்கள். வெள்ளிக்கிழமை ஒட்டியதைச் செவ்வாய்க்கிழமை படிப்பவருக்கு வரும் திங்கள் வேறு.

சம்பளத்த பத்தி என்ன எழுதறது? அது மாறலையே.

மாறவில்லை என்பதைத்தான் எழுத வேண்டும். நேரம் என்ற சொல்லைப் பார்த்ததும் முதலில் மனதில் எழுவது சம்பளக் கேள்விதான், ஆனால் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவார்கள். கேட்காததால் கேள்வி இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

மொத்த மணி நேரத்தைக் கூட்டிக் காட்டிவிடுங்கள். பழைய 9 முதல் 5.30 வரை எட்டரை மணி நேரம், அதில் சாப்பாட்டு அரை மணி போக எட்டு. புதிய 8.30 முதல் 5 வரையும் அதே எட்டு. வாரம் ஆறு நாளுக்கு 48, அதுவும் அதேதான். இந்த ஒரு கணக்கு இருந்தால் "ஒரு மணி நேரம் கூட்டிட்டாங்க" என்ற பேச்சு எழாது. தினக்கூலிக்காரர்களுக்குத் தனி வாக்கியம் வேண்டும்: நாள் கூலி அதே, அரை நாள் கணக்கு இனி எத்தனை மணியோடு முடியும் என்பது. முன்பு 1 மணியோடு முடிந்தது இப்போது 12.30.

ஓவர்டைம் விஷயத்தில்தான் சண்டை வரும். 5 மணிக்கு முடியும் என்று ஆன பிறகு, லாரி வந்துவிட்டது, இந்த நாற்பது மூட்டையை மட்டும் கட்டிக் கொடுங்கள் என்று சூப்பர்வைசர் 5.30 வரை நிறுத்துவார். அவருக்குப் பழைய நேரம்தானே பழக்கம். அந்த அரை மணி இனி ஓவர்டைம். இரட்டைக் கூலி. இதை நோட்டீசில் எழுதி, சூப்பர்வைசரையும் படிக்க வைத்து, அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எட்டரைன்னா கேட்லயா, மெஷின் முன்னாடியா?

சின்னக் கேள்வி போலத் தெரியும். முதல் வாரத் தகராறு பெரும்பாலும் இதில்தான்.

எங்கள் பேக்கிங் பிரிவுக்குள் போவதற்கு முன் செருப்பைக் கழற்றி, மேல்துணி மாற்றி, தலைக்கு வலைத் தொப்பி போட்டு, கை கழுவ வேண்டும். குழாய் இரண்டுதான். இருபத்தைந்து பேர் வரிசையில் நின்று முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். 8.30 என்பது மெஷின் முன் என்றால் அந்தப் பத்து நிமிடம் தொழிலாளியின் கணக்கில் போகிறது, தினமும். கேட் என்றால் ஃபேக்டரியின் கணக்கில். நாங்கள் கேட் என்றே எழுதினோம். காலைப் பேருந்து ஊர்களைச் சுற்றிக்கொண்டு வருவதால் 8.20க்குத்தான் வாசலில் இறக்கிவிடுகிறது. மெஷின் என்று எழுதியிருந்தால், வரிசை கொஞ்சம் நீண்டாலே அந்தப் பேருந்தில் வரும் ஒன்பது பேருக்கும் தாமதம்தான்.

அதோடு சேர்த்து, பேருந்து தாமதமானால் என்ன என்பதையும் எழுதுங்கள். மலைப்பாதையில் ஒரு மரம் சாய்ந்தால் போதும், வடகிழக்குப் பருவமழை நேரத்தில் அது அடிக்கடி நடப்பதுதான். பேருந்தே வராத நாளில் அதில் வருபவர்கள் எல்லோரும் சேர்ந்தேதான் தாமதமாவார்கள், யார் சாக்கு சொல்கிறார்கள் என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. அந்த நாளில் ஆஜர் வெட்டக்கூடாது.

பேருந்தைப் பற்றி இன்னொன்று. பெண்களுக்குக் கட்டணமில்லாத பேருந்தில் வந்துகொண்டிருந்தவர்கள், நேரம் மாறியதும் டிக்கெட் எடுக்க வேண்டிய பேருந்தில் ஏற வேண்டி வரலாம். அப்படியானால் சம்பளம் குறையாமலே கையில் மிஞ்சுவது குறையும். புதிய நேரத்துக்கு எந்தப் பேருந்து பொருந்தும் என்று பார்க்கும்போதே அது எந்த வகைப் பேருந்து என்றும் பாருங்கள். எங்கள் 7.25 கட்டணமில்லாத வண்டிதான். இல்லையென்றிருந்தால் அந்தச் செலவை யார் ஏற்பது என்று பேசி முடித்த பிறகே ஒட்டியிருப்போம்.

பிள்ளைகளை யார் ஸ்கூலுக்கு அனுப்பறது? இதுக்கெல்லாம் நோட்டீஸ்ல பதில் சொல்ல முடியுமா?

அந்த வீட்டில் யார் அனுப்ப வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஒரு வரைவில் "அரசுப் பள்ளிகளில் காலை உணவு தரப்படுவதால் சிரமம் இருக்காது" என்று எங்கள் ஆபீசில் ஒருவர் நல்ல எண்ணத்தில் எழுதினார். அதை அடித்துவிட்டேன். உணவு பள்ளியில் கிடைக்கிறது, உண்மைதான். ஆறு வயதுப் பிள்ளையைப் பள்ளி வரை கூட்டிப் போவது யார் என்பதல்லவா அந்தத் தாயின் கேள்வி? தவிர, என் பிள்ளைக்கு எங்கே சாப்பாடு போடுவது என்று ஃபேக்டரி நோட்டீஸ் சொல்வதை எந்தத் தாய் விரும்புவாள்?

ஃபேக்டரி சொல்லக்கூடியது தான் என்ன விட்டுக்கொடுக்கும் என்பதை. பத்து வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்து, காலையில் கொண்டுவிட வேறு ஆள் இல்லாதவர்கள் பழைய 9 முதல் 5.30 நேரத்திலேயே இருக்கலாம், பெயரை மட்டும் முன்னதாகக் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதினோம். நான்கு பேர் கொடுத்தார்கள். நால்வரும் பக்கத்து ஊர்க்காரர்கள், நடந்து போகிறவர்கள். அவர்கள் மாலையில் சேர்ந்தே போவது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். காலை முதல் அரை மணி பேக்கிங்கில் நான்கு கை குறையும். கடைசி அரை மணியில் அவர்கள் நால்வரும் மூட்டை எண்ணி, தரையைக் கூட்டி, மறுநாள் பைகளுக்கு முத்திரை போட்டு வைப்பார்கள். அந்த வேலை முன்பு காலையில் நடந்ததுதான்.

ஒரு பிரிவுக்கு மட்டும் மாறினா மத்தவங்களுக்கு ஏன் சொல்லணும்?

ஒரு பிரிவின் வேலை அடுத்த பிரிவின் கையில் போய் முடிகிறது. பச்சை இலை வாடப்போடுவது, அரைப்பது, டிரையர் எல்லாம் ஷிப்டில் ஓடுகிறது, அவர்கள் நேரம் மாறவில்லை. ஆனால் இரவு டிரையரில் இறங்கிய தூள் காலை 8.30க்குச் சலிப்புக்குத் தயாராக இருக்க வேண்டும், முன்பு 9 மணி வரை நேரம் இருந்தது. மாலையில் குன்னூர் குடோனுக்குப் போகும் லாரிக்கு ஏற்றுவது 4.45க்குள் முடிய வேண்டும். இந்த இரண்டையும் எழுதாமல் விட்டால் நேரம் காகிதத்தில்தான் மாறும். "யாருக்கு மாறவில்லை" என்பதையும் பெயர் சொல்லி எழுதுங்கள். இல்லையென்றால் டிரையர்காரர் நமக்கும்தான் போல என்று 8.30க்கு வந்து நிற்பார்.

முழுசா ஒண்ணு காட்டுங்களேன்.

நாங்கள் ஒட்டியது இதுதான். பெரிய எழுத்தில் ஒரே பக்கம்.

> பேக்கிங், சலிப்புப் பிரிவுகளின் வேலை நேர மாற்றம்
> நாள்: 10.10.2025, வெள்ளி
>
> 2025 நவம்பர் 3 திங்கள் முதல் 2026 பிப்ரவரி 28 சனி வரை இந்த இரண்டு பிரிவுகளின் வேலை நேரம் காலை 8.30 முதல் மாலை 5.00 வரை. மார்ச் 2 திங்கள் முதல் மறுபடி பழைய நேரம் (9.00 முதல் 5.30).
>
> மாலை இருட்டுவதற்குள் எல்லோரும் வீடு சேர வேண்டும் என்பதே காரணம்.
>
> காலை டீ 10.30. சாப்பாடு 12.30 முதல் 1.00. மாலை டீ 3.00. சங்கு 8.25க்கும் 8.30க்கும் ஊதும். 8.30க்குக் கேட்டுக்குள் வந்தால் ஆஜர்.
>
> வேலை முன்போலவே நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். மாதச் சம்பளம், நாள் கூலி, பி.எஃப். எதுவும் மாறாது. அரை நாள் 12.30 வரை. 5.00 மணிக்கு மேல் நிறுத்தினால் ஓவர்டைம், இரட்டைக் கூலி.
>
> 7.25 பேருந்து வராவிட்டாலோ தாமதமானாலோ அதில் வருபவர்களுக்கு ஆஜர் குறைக்கப்படாது.
>
> மூட்டம் அதிகமான நாளில் 4.30க்கு விடப்படும். அதற்குக் கூலி பிடிக்கப்படாது. அன்று விடுவது பற்றிச் சூப்பர்வைசர் 4 மணிக்குச் சொல்வார்.
>
> 10 வயதுக்குக் கீழ் பிள்ளை உள்ளவர்கள், காலையில் கொண்டுவிட வேறு ஆள் இல்லையென்றால், பழைய நேரத்திலேயே வரலாம். அக்டோபர் 25 சனிக்குள் ஆபீசில் பெயர் கொடுக்கவும்.
>
> டிரையர், அரைப்பு, வாட்டம், இலை எடை, வாட்ச்மேன்: நேர மாற்றம் இல்லை. டிரையர் பிரிவு காலை 8.15க்குள் தூளை சலிப்புக்கு ஒப்படைக்க வேண்டும். லாரி ஏற்றுவது மாலை 4.45க்குள் முடிய வேண்டும்.
>
> இதில் சந்தேகம் இருந்தால், ஆட்சேபம் இருந்தால், காலை டீ நேரத்தில் ஆபீசுக்கு வரவும்.

சாப்பாட்டு நேரத்தைத் தனியாக எழுதியிருப்பதைப் பாருங்கள். முதலில் பேசிய 8 மணித் திட்டத்தில் அதை யாரும் யோசிக்கவில்லை. சாப்பாடு பழையபடி 1 மணிக்கே இருந்திருந்தால் காலையில் தொடர்ந்து ஐந்து மணி நேரம் நின்றிருப்பார்கள். அரை மணி ஓய்வு இல்லாமல் அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வேலை வாங்க முடியாது என்பதுதான் அப்போதைய சட்ட எல்லை. காலையில் ஏழு மணிக்கு முன்பு ஒரு டம்ளர் டீயோடு கிளம்பி வந்தவர்களுக்கு 1 மணி வரை பசி தாங்காது என்பது சட்டத்துக்கும் முந்திய விஷயம்.

ஒட்டினா படிப்பாங்களா?

சில பேர்தான் படிப்பார்கள். அதனால் படித்துக் காட்டுங்கள். நாங்கள் அக்டோபர் 10 அன்று மாலை டீ நேரத்தில், மெஷினை நிறுத்திவிட்டுச் சத்தமாகப் படித்தோம். படுக மொழி பேசும் ஒரு மேஸ்திரி முக்கியமான இடங்களை அவர் மொழியில் திரும்பச் சொன்னார். ஜார்கண்டிலிருந்து வந்து ஃபேக்டரி லைன் வீடுகளிலேயே தங்கியிருக்கும் ஆறு பேருக்கு, அவர்களில் தமிழ் தெரிந்த பையன் இந்தியில் சொன்னான். அவன் சொல்லி முடித்ததும் ஒருவர் கேட்டார்: லைனில் தண்ணீர் விடுவது 8 மணிக்குத்தானே, 8.30க்கு எப்படிக் குளித்துவிட்டு வருவது? எங்கள் மூன்று பேர் கணக்கில் அகப்படாத கேள்வி. மோட்டார் போடுபவரிடம் சொல்லி 7.15க்கு மாற்றினோம்.

கேட் வாட்ச்மேனுக்கு ஒரு நகலைத் தனியாகக் கொடுத்து, உட்கார வைத்து விளக்கினேன். எந்தக் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டாலும் "ஆபீசில் கேளுங்கள்" என்று மட்டும் சொல்லச் சொன்னேன். முன்பு பட்ட பாடு அது.

நோட்டீஸ் சரியா போய்ச் சேரலன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஒரே கேள்வியை மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டால் அந்த இடம் நோட்டீசில் தெளிவாக இல்லை என்று அர்த்தம். அவர்கள் கவனமாகப் படிக்கவில்லை என்று எண்ணாதீர்கள், வரியை மாற்றுங்கள். எங்களுக்கு அப்படி வந்தது மூட்டம் பற்றிய கேள்வி. "மூட்டம் அதிகமான நாள்" என்றால் எவ்வளவு அதிகம்? அதை யார் பார்ப்பது? நான்காம் நாள் ஒரு சிறு சேர்க்கை ஒட்டினோம்: பேக்கிங் வாசலில் நின்று பார்த்தால் கேட் தெரியாவிட்டால் 4.30க்கு விடப்படும். வாசலுக்கும் கேட்டுக்கும் அறுபது எழுபது அடிதான். எல்லோரும் பார்க்கக்கூடிய அளவு அது, சூப்பர்வைசர் மனநிலையைப் பொறுத்தது இல்லை.

யாருமே எதுவுமே கேட்காவிட்டால் அதையும் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேள்வி வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. வாட்ச்மேனிடமும் கேண்டீனிலும் விசாரித்துப் பாருங்கள்.

மாற்றிய வரியைப் பழைய தாளின் மேல் பேனாவால் திருத்தாமல், தேதி போட்டுத் தனித் தாளாகப் பக்கத்தில் ஒட்டுங்கள். எது எப்போது சொல்லப்பட்டது என்று பிறகு பார்க்க வேண்டியிருக்கும்.

பிப்ரவரி முடிஞ்சதும் மறுபடி ஒரு நோட்டீஸ் போடணுமா?

திரும்பும் தேதி முதல் நோட்டீசிலேயே இருந்ததால், யாருக்கும் அது புதுச் செய்தியாக இல்லை. பிப்ரவரி 20 அன்று ஒரு வரி நினைவூட்டல் மட்டும் ஒட்டினோம். தொடக்கத்திலேயே முடிவுத் தேதி போடாமல் "மறு அறிவிப்பு வரும் வரை" என்று எழுதியிருந்தால், திரும்புவதும் இன்னொரு மாற்றமாகி, மறுபடி 21 நாள் கணக்கு பார்க்க வேண்டியிருக்கும்.

நினைவூட்டலை ஒட்டிய மறுநாள் ஏழெட்டுப் பேர் டீ நேரத்தில் ஆபீசுக்கு வந்தார்கள். கோடையிலும் 8.30 முதல் 5 வரையே இருக்கட்டுமே என்றார்கள். ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலா வண்டி நெரிசலில் மாலைப் பேருந்து ஊர்ந்துதான் வரும், அரை மணி முன்னால் கிளம்பினால் நல்லது என்பது அவர்கள் வாதம். பழைய நேரத்தில் இருந்த நான்கு தாய்மார்களும் தங்களுக்கு 9 மணிதான் வேண்டும் என்றார்கள். உடனே ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. மார்ச் 2 அன்று அறிவித்தபடியே சங்கு 9 மணிக்கு ஊதியது. அன்று மாலை டீ நேரத்தில் அந்த ஏழெட்டுப் பேரோடும் நால்வரோடும் உட்கார்ந்து, புதிய தாளில் அவரவர் வீட்டுக் கதவிலிருந்து எழுத ஆரம்பித்தோம்.